4கே ஆக்கினால் பழைய தெளிவு திரும்புமா?

"வாட்ஸ்அப்பில் வந்து மங்கிப்போன வீடியோவை 4கே-க்கு மாற்றினால், எடுத்தபோது இருந்த தெளிவு அப்படியே திரும்பிவிடும்."

திரும்பாது. என் தங்கையின் கல்யாண வீடியோ ஒன்று ஒரு நிமிடம், போனில் 130 எம்பி இருந்தது. செயலி வழியாக வந்தபோது வெறும் 8 எம்பி. பட்டுச்சேலையின் ஜரிகைக் கோடுகள் பொன்நிறத் திட்டாகிவிட்டன. அந்தக் கோடுகள் கோப்பில் எங்கும் ஒளிந்திருக்கவில்லை. இடத்தை மிச்சம்பிடிக்க, நுண்ணிய விவரங்களைச் செயலி வீசிவிட்டது. 4கே ஆக்கினால் அதே திட்டு பெரிதாகும், அவ்வளவுதான்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கோடுகளை வரைந்து தரும். ஆனால் அது ஊகம். முகங்களில் இதைக் கவனமாகப் பாருங்கள்: பாட்டியின் சுருக்கம் மழுங்கி, வேறு யாரோ போலத் தெரியும். வண்டி எண்ணை இப்படி "மீட்டு" சாட்சியாகக் காட்டுவது ஆபத்து.

சரி, என்னதான் செய்யலாம்? நசுங்கிய வீடியோ கட்டம் கட்டமாகத் தெரிவதை, கணினியில் ffmpeg என்ற இலவச வீடியோ நிரலால் ஓரளவு மென்மையாக்கலாம்:

```
ffmpeg -i in.mp4 -vf deblock -crf 18 -c:a copy out.mp4
```

கட்டங்களின் ஓரம் மங்கும், பார்க்க இதமாக இருக்கும், விவரம் கூடாது. அதன்பிறகு கூர்மையாக்கும் வசதியைக் கூட்டினால் கட்டங்கள் மறுபடி எழும்பிவிடும். இந்தக் கோப்பைத் திரும்ப அதே வழியில் வீடியோவாக அனுப்பினால், இன்னொரு முறை நசுங்கும்.

எடுத்தவர் போனில் மூலக் கோப்பு அழியும் முன் அதைக் கேளுங்கள். வீடியோவாக இல்லாமல், "ஆவணம்" என்று இணைத்து அனுப்பச் சொன்னால் கோப்பு மாறாமல் வரும். தங்கை அப்படித்தான் அனுப்பினாள், ஜரிகை தெரிந்தது.