காரணம் புரிந்தது, நியாயம் புரியவில்லை

நெருங்கிய நண்பன் ஒருவனின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் நான். அவன் தொழில் படுத்துவிட்டது. சில மாதம் கழித்து, கடன் கொடுத்தவர்கள் என்னைத்தான் கூப்பிட்டார்கள். அவன் போனை எடுக்கவில்லை. மீதமிருந்த 38 தவணைகளையும் நான் கட்டினேன். கடைசித் தவணை கட்டி 8 வருடம் ஆகிறது. கடன் அன்றைக்கே முடிந்தது. அவன் மேல் இருந்த கோபம் மட்டும் முடியவில்லை.

கோபம் என்று சொல்வதுகூடச் சரியில்லை. கோபம் வரும், போகும். இது எனக்குள் குடியிருந்தது. குளிக்கும்போது அவனோடு வாதாடுவேன். அவன் ஒன்று சொல்வான், நான் அதை மடக்குவேன், அவன் தலைகுனிவான். எத்தனை வருடமாக ஜெயித்துக்கொண்டிருந்தேன்! ஆனால் மறுநாள் வாதம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

எங்கள் இருவருக்கும் பொதுவான நண்பர்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "விடுடா, அவனும் பாவம். அவன் நிலைமையில யார் இருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பாங்க." இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வன்மம் கூடியது. ஏன் கூடியது என்று வெகுநாள் புரியவில்லை. இப்போது புரிகிறது. இந்த ஒரு பேச்சில் இரண்டு கோரிக்கைகள் இருக்கின்றன. ஒன்று, சுமப்பதை இறக்கி வை. இன்னொன்று, நடந்தது பெரிய தப்பில்லை என்று ஒத்துக்கொள். முதலாவதைச் செய்ய எனக்கும் ஆசைதான். இரண்டாவதைச் சேர்த்து விழுங்கச் சொன்னதால் முதலாவதையும் துப்பிவிட்டேன்.

உண்மையில் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. பிரேக் பிடிக்காமல் ஒருவர் வண்டி என் மேல் மோதினால், "உங்க தப்பில்ல" என்கிறேன். அங்கே மன்னிக்க எதுவும் இல்லை, ஏனென்றால் குற்றமே இல்லை. மன்னிப்பு என்ற பேச்சே, சாக்கு எல்லாம் தீர்ந்த பிறகும் ஒரு தப்பு மிச்சமிருக்கும்போதுதான் வருகிறது. "அவன் செய்தது சரிதான், அதனால் மன்னித்தேன்" என்று யாராவது சொன்னால் அந்த வாக்கியம் நிற்காது.

நான் முதலில் செய்த முயற்சி, அவன் பக்கத்தைப் புரிந்துகொள்வது. அவன் தூங்கியிருக்க மாட்டான், வெட்கப்பட்டிருப்பான், பயந்திருப்பான் என்றெல்லாம் நினைத்துப் பார்த்தேன். இரண்டு நாள் மனசு லேசாக இருக்கும். மூன்றாம் நாள் வயிறு எரியும். காரணத்தைத் தேடிப் போய், அதையே நியாயமாக மாற்றிவிடப் பார்த்தேன். எனக்குள் இருந்த ஒருவன் அதை ஏற்கவில்லை. ஏற்காதது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

பிறகு ஒருநாள் உட்கார்ந்து, அவன் செய்ததைப் பிரித்து எழுதினேன். அதுவரை அது எனக்குள் "துரோகம்" என்ற ஒரே கட்டியாக இருந்தது. பிரித்தபோது மூன்றாக விழுந்தது.

முதலாவது, தொழில் படுத்தது. இதில் அவன் குற்றம் எதுவும் இல்லை. அவனும் எல்லாவற்றையும் போட்டுத்தான் தோற்றான். இத்தனை வருடம் இதையும் அவன் கணக்கில் எழுதியிருந்தேன், அது என் பிழை. கோடு போட்டு அடித்தேன்.

இரண்டாவது, தவணை கட்டவில்லை என்பதை என்னிடம் மறைத்தது. வெட்கத்தில் மறைத்தான் என்று புரிகிறது. ஆனாலும் ஒரு போன் செய்திருக்கலாம். முன்கூட்டியே தெரிந்திருந்தால் தவணையைக் குறைத்துக் கேட்டிருப்பேன், அபராத வட்டி ஏறியிருக்காது. குற்றம் குறைகிறது, மறையவில்லை.

மூன்றாவது, அந்தத் தொழிலில் எனக்கும் பங்கு இருந்தது, அதனால்தான் நான் கட்டுகிறேன் என்று நாலு பேரிடம் சொன்னது. இது பொய். இதற்கு எந்தச் சாக்கும் பொருந்தவில்லை, எவ்வளவு கருணையோடு பார்த்தாலும். என்னைத் தூங்கவிடாதது பணம் இல்லை, இந்தப் பொய்தான் என்பதே எழுதிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மன்னிக்க வேண்டியது இந்த மூன்றாவதும், இரண்டாவதில் ஒரு பாதியும்தான். அளவு தெரிந்ததும் அது தூக்கக்கூடிய ஒன்றாகிவிட்டது.

இந்தச் சமயத்தில் கொஞ்சம் படித்தேன். எவரெட் வொர்திங்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் மன்னிப்பை வெகுகாலம் ஆராய்ந்தவர். 1996 புத்தாண்டை ஒட்டி அவருடைய அம்மாவை வீடு புகுந்த ஒருவன் கொன்றுவிட்டான். தன் ஆராய்ச்சியைத் தன் மேலேயே சோதிக்க வேண்டிய நிலை. அவர் மன்னிப்பை இரண்டாகப் பிரிக்கிறார். பழிவாங்க மாட்டேன், அவனையும் மனிதனாக நடத்துவேன் என்று எடுக்கும் முடிவு ஒன்று. உள்ளே இருக்கும் கசப்பு மாறுவது இன்னொன்று. முடிவை ஒரே நாளில் எடுத்துவிடலாம். கசப்பு தன் வேகத்தில்தான் போகும். எனக்கு இது பெரிய விடுதலை. முடிவெடுத்த பிறகும் கோபம் வந்தால் "நான் மன்னிக்கவே இல்லை போலிருக்கிறது" என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

2001இல் ஷார்லட் விட்வ்லீட் என்ற உளவியலாளரின் குழு 71 மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தது. தன்னை நிஜமாகவே காயப்படுத்திய ஒருவரை நினைத்து, காயத்தையும் வன்மத்தையும் மனசில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். பிறகு அதே ஆளிடம் பரிவு கொள்வதாகவும் மன்னிப்பதாகவும். வன்மத்தை ஓட்டியபோது இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் வியர்வையும் கூடின, நெற்றி சுருங்கியது. அந்த நிலை நினைப்பை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் நீடித்தது. இது சில நிமிடச் சோதனைதான். வருடக்கணக்கில் வன்மம் வைத்தால் நோய் வரும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் என் குளியலறை வாதங்கள் உடம்பில் எங்கே நடந்தன என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மன்னிப்பை மருந்துபோல எல்லாருக்கும் எழுதித் தருபவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஜேம்ஸ் மெக்நல்ட்டி என்ற உளவியலாளர் 72 புதுமணத் தம்பதிகளை முதல் 4 வருடம் கவனித்து 2011இல் வெளியிட்ட ஆய்வு அது. எளிதில் மன்னிப்பவர்களின் துணைகள் காட்டிய வன்முறை குறையவில்லை, அப்படியே தொடர்ந்தது. அவ்வளவு எளிதில் மன்னிக்காதவர்களின் துணைகளிடம் அது குறைந்தது. எனவே இன்னமும் அடி வாங்கிக்கொண்டிருப்பவரிடம் போய் "விட்டுடு" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். நான் பேசுவது நடந்து முடிந்த காயத்தைப் பற்றி மட்டும்.

வங்கிகளில் ஒரு வழக்கம் உண்டு. வராக்கடனைத் தங்கள் கணக்குப் புத்தகத்திலிருந்து நீக்குவார்கள். அதனால் வாங்கியவரின் கடன் ரத்தாகிவிடாது, கேட்கும் உரிமையும் போகாது. தள்ளுபடி வேறு, இது வேறு. செய்திகளில் இரண்டையும் ஒன்றாகவே எழுதிவிடுகிறார்கள். நான் செய்தது முதல் வகை. என் தினசரிக் கணக்கிலிருந்து அவனை எடுத்துவிட்டேன். அவன் எனக்குக் கடன்பட்டதில்லை என்று எங்கேயும் சொல்லவில்லை.

நடைமுறையில் இது இப்படி இருக்கிறது. அவன் பெயர் வந்தால் எழுந்து போவதில்லை. அவன் பிள்ளைக்கு நல்லது நடந்தது என்று கேட்டபோது உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். யாராவது பங்கு விஷயத்தைக் கேட்டால், "இல்லை, நான் ஜாமீன் மட்டும்தான்" என்று சொல்கிறேன். முன்பெல்லாம் அதோடு நிற்காமல் ஒரு மணி நேரம் பேசுவேன். இனி அவனுக்காக எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன், அதில் மாற்றமில்லை.

அவன் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பான் என்று காத்திருக்கவும் இல்லை. ஒருவேளை ஒருநாள் வந்து உட்கார்ந்தால், டீ போட்டுக் கொடுப்பேன், தவணையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். எனக்குப் பங்கு இருந்ததாக ஏன் சொன்னாய் என்பதை மட்டும் கேட்பேன்.