எக்ஸ்பைரி அன்று கணக்கு முடிந்துவிடுகிறதா?

"கச்சா எண்ணெய் கால் ஆப்ஷனைக் கடைசி நாள்வரை வைத்திருந்தால், பங்கு ஆப்ஷனைப் போலவே லாபம் பணமாக வந்து கணக்கு முடிந்துவிடும்" – மும்பை மாட்டுங்கா தமிழர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி.

இது இரு பக்கமும் தவறு. கால் ஆப்ஷன் என்பது குறித்த விலையில் வாங்கும் உரிமை. தனிப் பங்குகளின் ஆப்ஷன்கள் 2019 அக்டோபர் முதல் முழுமையாகப் பங்குகளாகவே தீர்க்கப்படுகின்றன. லாபத்தில் முடியும் கால் ஆப்ஷனை வைத்திருப்பவர் முழு லாட்டுக்கும் பணம் கட்டிப் பங்குகளை வாங்க வேண்டும். பணமாகத் தீர்வது நிஃப்டி போன்ற குறியீட்டு ஆப்ஷன்கள்தான்.

எம்சிஎக்ஸ் பண்டச் சந்தையின் கச்சா எண்ணெய் ஆப்ஷனுக்கு அடிப்படையோ எண்ணெய் அல்ல, பின்னொரு நாளுக்கான விலையை இன்றே உறுதிசெய்யும் ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தம். ஆகவே ஆப்ஷன் அந்த ஃபியூச்சர்ஸுக்குச் சில நாட்கள் முன்பே காலாவதியாகி, ஃபியூச்சர்ஸ் பொசிஷனாக மாறிவிடுகிறது.

5,500 ரூபாய் ஸ்டிரைக்கில், அதாவது வாங்கும் உரிமையுள்ள விலையில், 100 பீப்பாய் கொண்ட ஒரு லாட் கால் ஆப்ஷன் இருப்பதாகக் கொள்வோம். அன்றைய ஃபியூச்சர்ஸ் தீர்வு விலை 5,600 என்றால், 5,500-இல் வாங்கிய ஃபியூச்சர்ஸாக அது மாறி, 10,000 ரூபாய் வரவாகிறது. ஆனால் பொசிஷன் திறந்தே இருக்கிறது. மறுநாள் விலை 5,450-க்கு இறங்கினால் 15,000 ரூபாய் பறிபோகும். ஆப்ஷனுக்குக் கொடுத்த பிரீமியத்தோடு நஷ்டம் நின்றுவிடாது என்பதுதான் எனக்குப் பெருங்கவலை.

எச்சரிக்கை அடையாளம் முன்பே தெரியும்: காலாவதி நெருங்கும்போது லாபத்திலுள்ள ஆப்ஷனுக்குக் மார்ஜின் எனும் பிணைத்தொகையைக் கூடுதலாகக் கேட்பார்கள். ஃபியூச்சர்ஸ் வேண்டாதவர் அதற்குள் ஆப்ஷனை விற்றுவிட வேண்டும்.