வெறும் படம், ஒரு வரிகூட இல்லை

ஒன்பது வருடம் மருத்துவமனை பில்லிங் பிரிவில் வேலை பார்த்தவன் என்பது எங்கள் சொந்தபந்தம் முழுவதற்கும் தெரியும். அதன் பலனாக என் கைப்பேசியில் கல்யாணப் படங்களைவிட மருத்துவமனை பில்களின் படங்கள்தான் அதிகம் இருக்கின்றன. எல்லாமே ஒரே மாதிரிதான் வரும். வணக்கம் கிடையாது, யாருக்கு உடம்பு சரியில்லை என்ற தகவல் கிடையாது, கேள்வி என்பது அறவே கிடையாது. கோணலாக எடுத்த ஒரு படம், அதன் ஓரத்தில் ஒரு கட்டைவிரல். அவ்வளவுதான். மீதியை நான் ஞான திருஷ்டியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கு அப்படி ஒன்று அத்தானிடமிருந்து வந்தது. அத்தைக்கு டெங்கு, செவ்வாய்க்கிழமை இரவு சேர்த்தார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். "என்ன பார்க்கணும் அத்தான்?" என்று எழுதினேன். நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. அழைத்தேன், எடுக்கவில்லை. டிஸ்சார்ஜ் நாள் கெடுபிடி எனக்குத் தெரியாததா? மருந்தகத்துக்கும் கவுன்டருக்கும் வார்டுக்குமாக ஓடிக்கொண்டிருப்பார். சரி, நாமே ஊகிப்போம் என்று உட்கார்ந்தேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

ஒருவர் பில்லை நீட்டினால் அதற்கு மூன்று அர்த்தம் இருக்கலாம். கூட்டல் சரியா என்று பார்க்கச் சொல்லலாம். இதில் எழுதியிருப்பது என்ன கண்றாவி என்று கேட்கலாம். இவ்வளவு வாங்குவது நியாயமா என்று கேட்கலாம். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்று போலத் தெரியும். வேலை தெரிந்தவனுக்கு அவை மூன்று வெவ்வேறு வேலைகள். பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய தாள்களும் வேறு வேறு. முதலாவதற்கு பில்லின் எல்லாப் பக்கங்களும் மருந்தகச் சீட்டுகளும் வேண்டும். இரண்டாவதற்கு டிஸ்சார்ஜ் சம்மரி வேண்டும். மூன்றாவதற்குச் சேர்க்கைப் படிவமும் காப்பீட்டு அனுமதிக் கடிதமும் வேண்டும். என் கையில் இருந்ததோ ஒரு பக்கம், அதிலும் இடது ஓரம் வெட்டுப்பட்ட ஒரு பக்கம்.

முதலில் கூட்டினேன். அறை வாடகை நாளுக்கு 4,500 வீதம் 4 நாளுக்கு 18,000. டியூட்டி டாக்டர் கட்டணம் 4 நாளுக்கு 2,800. மருத்துவர் வருகை 7 முறை, 6,300. ஆய்வகம் 14,260. மருந்தகம் 21,840. பயன்பாட்டுப் பொருட்கள் 3,150. கோப்பு, கைப்பட்டை வகையறா 650. மொத்தம் 67,000. பில்லிலும் அதேதான் இருந்தது. இருக்காமல் என்ன? கணினி போட்ட கூட்டல் அது. நான் வேலை பார்த்த காலத்தில் கூட்டல் பிழை என்று வந்த பில்லை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிழை இருப்பது எண்ணிக்கையில்: எத்தனை நாள், எத்தனை தடவை, எத்தனை பாட்டில். அத்தைக்காக வாங்கி, குத்தாமலேயே திருப்பிக் கொடுத்த ஊசி மருந்துகளுக்குப் பணம் கழிக்கப்பட்டதா என்பதை "மருந்தகம் 21,840" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. அதற்கு மருந்தகம் தந்த தனிச் சீட்டுகளும், வார்டிலிருந்து மருந்து திருப்பி அனுப்பியதற்கான சீட்டும் வேண்டும். அவை அத்தான் சட்டைப் பையில் சுருண்டு கிடந்திருக்கும்.

கூட்டல் சரி என்று எழுதினேன். நீல டிக்.

அப்படியென்றால் சொற்கள் புரியவில்லை போலிருக்கிறது என்று அடுத்த ஊகம். ஐந்து நிமிடக் குரல் பதிவு ஒன்றை அனுப்பினேன். ரத்த அணுப் பரிசோதனை 6 தடவை போட்டிருக்கிறதே என்று பதற வேண்டாம், டெங்குவில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை எடுப்பது வழக்கம்தான் என்றேன். பிளேட்லெட் குறைவதை மட்டும் அவர்கள் பார்ப்பதில்லை, கூடவே ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் பி.சி.வி. ஏறுகிறதா என்றும் பார்க்கிறார்கள், அது ஏறினால் ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயை விட்டுக் கசிகிறது என்று அர்த்தம், ஆபத்தான கட்டம் அதுதான் என்று விளக்கினேன். ஜி.ஆர்.பி.எஸ். என்று 11 தடவை இருப்பது விரலில் குத்திப் பார்க்கும் சர்க்கரை, அத்தை சர்க்கரை நோயாளி என்பதால் அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை என்றேன். நானே மெச்சிக்கொள்ளும் அளவுக்கு நன்றாகப் பேசியிருந்தேன். அத்தான் அதைக் கேட்கவே இல்லை என்று பிறகு தெரிந்தது.

பதில் இல்லாததால் மூன்றாவது ஊகத்துக்குப் போனேன். கட்டணத்தைக் கேள்வி கேட்கச் சொல்கிறார் போல. மருத்துவர் வருகை 7 என்பது உறுத்தியது. செவ்வாய் இரவு பார்த்தது டியூட்டி டாக்டர், அவருக்குத் தனிக் கட்டணம் போட்டிருக்கிறார்கள். புதன் காலை, மாலை, வியாழன் காலை, மாலை, வெள்ளி காலை. ஐந்துதானே வருகிறது? "இரண்டு வருகை கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள், 1,800 ரூபாய், கேளுங்கள்" என்று எழுதிவிட்டேன்.

இதை மட்டும் மனிதர் ஒழுங்காகப் படித்துவிட்டார். நேராகக் கவுன்டருக்குப் போய்ச் சத்தம் போட்டிருக்கிறார். அந்தப் பெண் கேஸ் ஷீட்டைத் திறந்து காட்டியிருக்கிறாள். புதன்கிழமை இ.சி.ஜி.யில் ஏதோ மாற்றம் தெரிந்ததால் இதய மருத்துவரை அழைத்திருக்கிறார்கள். அவர் இரண்டு தடவை வந்து பார்த்து, கையெழுத்தும் போட்டிருக்கிறார். ஐந்தும் இரண்டும் ஏழு. பில்லிலும் மருத்துவர் பெயர்கள் தனித்தனியாக அச்சாகியிருந்தன, இடது ஓரத்தில். அத்தான் எடுத்த படத்தில் வெட்டுப்பட்ட அதே இடது ஓரத்தில்! டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்தை அனுப்பியிருந்தால்கூட அந்த இதய மருத்துவர் அதில் இருந்திருப்பார். வரிசையில் நின்ற பத்துப் பேர் முன்னால் அவருக்கு அவமானம். அந்தக் கோபம் யார் மீது திரும்பியது என்று சொல்லவா வேண்டும்?

"என்ன மாப்பிள்ளை, ஒன்பது வருடம் என்னத்தைக் கிழித்தாய்?" என்றார் தொலைபேசியில். "நான் கேட்டது ஒன்று, நீ சொன்னது ஒன்று."

"நீங்கள் எதுவுமே கேட்கவில்லையே அத்தான்!"

"பில்லை அனுப்பினேனே!"

தலையை எங்கே போய் முட்டிக்கொள்வது? கொஞ்சம் ஆறிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மூன்று லட்ச ரூபாய்க்குக் காப்பீடு இருக்கிறது, பில் 67,000தான், அப்புறம் எதற்கு 10,833 ரூபாயைக் கையிலிருந்து கட்டச் சொல்கிறார்கள் என்பதுதான் அவர் கேள்வி. நல்ல கேள்வி. ஆனால் அந்த 10,833 அவர் அனுப்பிய படத்தில் எங்கேயாவது இருந்ததா? அது காப்பீட்டு நிறுவனத்தின் அனுமதிக் கடிதத்தில் இருந்தது. அதை அனுப்புங்கள் என்றேன். அனுப்பினார், நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அத்தையின் பாலிசியில் அறை வாடகைக்கு உச்சவரம்பு உண்டு, காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 3,000. இவர்கள் எடுத்தது 4,500 ரூபாய் அறை. அறையில் வித்தியாசம் 1,500 வீதம் 4 நாளுக்கு 6,000 போயிற்று. அதோடு நின்றால் பரவாயில்லை. தகுதிக்கு மேல் அறை எடுத்தால் அந்த அறையோடு ஏறுகிற மற்றக் கட்டணங்களையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். டியூட்டி டாக்டரும் மருத்துவர் வருகையும் சேர்ந்து 9,100, அதில் மூன்றில் ஒரு பங்கு 3,033. மருந்து, பரிசோதனை, பயன்பாட்டுப் பொருட்கள், உடலுக்குள் பொருத்தும் கருவிகள் ஆகியவற்றில் இந்த விகித வெட்டு கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020இல் சொல்லிவிட்டது. அந்த வேலியை அவர்களும் தாண்டவில்லை. பயன்பாட்டுப் பொருட்களில் காப்பீடு அறவே தராத டயப்பர், தெர்மாமீட்டர், சேர்க்கைப் பை என்று 1,150. கோப்பு, கைப்பட்டை என்ற 650 அறை வாடகைக்குள் அடங்கியது என்று கணக்கு, அதைத் தனியாகத் தர மாட்டார்கள். எல்லாம் சேர்த்து 10,833. வெட்டியதில் ஒரு ரூபாய்கூடத் தப்பில்லை.

இதை 11 மணிக்கே ஒரு வரியில் கேட்டிருக்கலாம். "காப்பீட்டில் ஏன் பிடித்தார்கள்?" என்ற மூன்று சொல். ஒரு மணி நேரம் நான் எதை எதையோ தோண்டிக்கொண்டிருக்க, அவர் கவுன்டரில் சண்டை போட்டு, தோற்று, பணத்தைக் கட்டிவிட்டு அத்தையை வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்.

என் வயிற்றெரிச்சல் இதோடு தீரவில்லை. ஏனென்றால் உண்மையிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று அந்தப் பில்லில் இருந்தது, அதை நானும் கோட்டைவிட்டேன். செவ்வாய் இரவு 10 மணிக்குச் சேர்த்து வெள்ளி காலை 11 மணிக்கு டிஸ்சார்ஜ் என்றால் 61 மணி நேரம். தேதியை எண்ணினால் நான்கு நாள், 24 மணி நேரத்தை ஒரு நாளாக எண்ணினால் மூன்று நாள். எந்த முறை என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். நாம் படிக்காமல் கையெழுத்துப் போடும் சேர்க்கைப் படிவத்தில் அது இருக்கும். மூன்று நாள் என்றால் அறையில் 4,500, டியூட்டி டாக்டரில் 700, ஆக 5,200 குறைந்திருக்கும். அதில் எங்கள் கையைக் கடித்தது 1,733. மீதி 3,467 காப்பீட்டிலிருந்து போனது, அதுவும் அத்தையின் மூன்று லட்சத்திலிருந்து கழிந்த பணம்தான். டிஸ்சார்ஜுக்கு முன்னால், பில் இறுதியாவதற்குள் கேட்டால் கவுன்டரில் இருப்பவரே ஒரு நாளைக் குறைத்துவிடுவார். பணம் கட்டி, கோப்பு காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன பிறகு கேட்டால் கடிதம் எழுது, மேலாளரைப் பார், திங்கட்கிழமை வா என்பார்கள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அதையே சொன்னவன்தான் நான்.

சனிக்கிழமை அத்தானை அழைத்து, சேர்க்கும்போது கொடுத்த படிவம் எங்கே, அதில் வாடகை நாளை எப்படிக் கணக்கிடுவதாகப் போட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். அத்தையின் துணிப்பையில் இருக்கும், தேடுகிறேன் என்றார். "பார்த்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள், அத்தான். ஒரே ஒரு வரி."

ஞாயிற்றுக்கிழமை இரவு வந்தது. படம். நான்காக மடித்த தாளின் மேல் பாதி மட்டும், விதிமுறைகள் என்ற தலைப்பு தெரிகிறது, அதற்குக் கீழே கட்டைவிரல்.