டயருக்குள்ள தண்ணி நின்னா அது கதை இல்லையா?

ஞாயித்துக்கிழமை பரிசளிப்புல அந்த நடுவர் பேசுனத கேட்டிருப்பீங்க. நம்ம பீடோங் அக்கா எழுதுன விளையாட்டுத் திடல் கதைய "கோத்தோங் ரோயோங் அறிக்கை"ன்னாரு, கூட்டமும் சிரிச்சிச்சு. கதையில மோதலே இல்லையாம். எனக்கு இன்னும் ஆறல.

மோதல் டயருக்குள்ள இருக்கு சார். தோட்டப் பள்ளி டீச்சர், நாலாம் ஆண்டு பிள்ளைங்க, லோரிப் பட்டறையில தூக்கிப்போட்ட டயருங்க. கம்பி நீட்டிக்கிட்டு இருக்கிறத தடவிப் பாத்து ஒதுக்கிட்டு, மிச்சத்த பாதி மண்ணுல நட்டு, சிலத மரத்துல ஊஞ்சலா கட்டுறாங்க. அப்புறம் ஒரு வாரம் பள்ளி விடுமுறை, மழை. திரும்பி வந்தா ஊஞ்சல் டயருக்குள்ள தண்ணி, தண்ணியில கொசுப்புழு. நம்ம சூட்டுக்கு ஏடிஸ் முட்டையிலேர்ந்து கொசுவா பறக்க ஏழு பத்து நாள் போதும். அந்த ஒரு வார லீவ அக்கா சும்மாவா வச்சாங்க? டிங்கியில தங்கச்சிய பறிகொடுத்த பையன் அதே வகுப்புல இருக்கான்னு ரெண்டாம் பக்கத்துலயே வருதே, படிச்சாரா இல்லையா?

தண்ணிய கவுத்தா மட்டும் பத்தாது, முட்டை உள்சுவத்துல ஒட்டிக்கிட்டு மாசக்கணக்கா காஞ்சி கெடந்தாலும் சாகாது, அதான் அந்தப் பையன் பிரஷ்ஷ போட்டு தேய்க்கிறான், தேய்ச்சிக்கிட்டே இருக்கான், டீச்சர் போதும்னு சொல்லியும் நிறுத்தல. பிறகு டயர மறுபடி தொங்கவிட்டு, தண்ணி ஊத்தி, எங்க தேங்குதுன்னு பாத்து, அங்க ஓட்டை போட சாக்கட்டியால கோடு போடுறான். தரையில போட்டு குத்துமதிப்பா ஓட்டை போட்டா தொங்கும்போது பள்ளம் வேற எடத்துக்குப் போயிடும். இந்தப் பக்கம்தான் நடுவருக்கு "தேவையில்லாத விவரம்".

நான் படிச்ச பள்ளியில ஊஞ்சல் கால ஆழமா நடாம விட்டுட்டாங்க, ஆடுனா ஒரு பக்கம் தூக்கும், கீழ கட்டாந்தரை. என் முன்பல்லு அங்கதான் போச்சு. இந்தக் கதையில ஊஞ்சலுக்கு அடியில பிள்ளைங்க மணல் கொட்டுற வரி வந்ததும் மேல படிக்க முடியல. அதுவும் தேவையில்லாத விவரம்தான் போல.

நடை தட்டையா இருக்குன்னு சிலர் சொல்றீங்க, சரி, தலைமையாசிரியர் பேசுற எடம் சர்க்குலர் மாதிரிதான் இருக்கு, ஒத்துக்குறேன். பிள்ளைங்கள வேலை வாங்கலாமான்னு கேக்குறவங்க போய் தூங்குங்க, டிரில் டீச்சர் கையிலதான் இருந்துச்சு. ஊர்ப்பாசம்னு சொல்றவங்களுக்கு, ஆமா பாசம்தான். கோலாலம்பூர் காப்பிக்கடையில ரெண்டு பேரு உக்காந்து மழைய பாத்தா ஆழம், தோட்டத்துப் பையன் டயர தேய்ச்சா அறிக்கையா?

இன்னொன்னு யாருமே பேசல. டீச்சர் ஏன் எதுக்குமே சிமெண்டு போடல? நிலம் கம்பெனியோடது. தோட்டத்த வித்துட்டா பிடுங்கி எடுத்துக்கிட்டு போகணும்னுதான் எல்லாத்தையும் மண்ணுல நட்டதும் கயித்துல கட்டுனதுமா வச்சிருக்காங்க. எங்க தோட்டத்த வித்தப்ப பள்ளிய பட்டணத்துக்கு மாத்துனாங்க, அந்த ஆடுற ஊஞ்சல்கூட பழைய இரும்புக்குப் போச்சு, எங்களுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லல. இதுல மோதல் எங்கன்னு மைக்க பிடிச்சிக்கிட்டு கேக்குறாங்க.

தொகுப்புல சேக்கணும்னா அந்த ஓட்டை போடுற பக்கத்த வெட்டணுமாம். வெட்டாதீங்கக்கா. போடலன்னா போகட்டும்.