உடம்பு தேறிட்டு இருக்கறவங்களுக்கு என்ன படம் போடலாம்?

வீட்ல ஒருத்தர் ஆபரேஷனோ பெரிய காய்ச்சலோ முடிஞ்சு படுத்திருந்தா எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், "ஏதாவது காமெடி படம் போட்டு விடுப்பா, மனசு லேசாகும்". அதுல பாதிதான் சரி. சிரிக்க வைக்கிற படம் வேற, களைப்பாக்காத படம் வேற. படுத்துட்டு படம் பாக்கறதுல என்ன களைப்புன்னு கேக்கலாம், ஆனா யார் யாரு, முன்னாடி என்ன ஆச்சு, இவன் ஏன் கோவப்படறான்னு எல்லாத்தையும் மனசுல வெச்சுக்கிட்டே பாக்கணும்ல, தெம்பு இல்லாதப்போ அதுவே பெரிய வேலை.

உதாரணத்துக்கு 1990ல வந்த மைக்கேல் மதன காம ராஜன். எனக்கு உயிர் அந்தப் படம். ஆனா நாலு கமல், ஆள்மாறாட்டம், ஒரு ஜோக்குக்கு சிரிச்சு முடிக்கறதுக்குள்ள அடுத்த ஜோக் போயிடும், முதல் தடவை பாக்கற ஒருத்தர் நடுவுல அஞ்சு நிமிஷம் கண் அசந்தா அவ்ளோதான், இப்ப பேசறது எந்த கமல்னே புரியாது. அதுவே 1981 தில்லு முல்லு எடுத்துக்கோங்க. அதுலயும் ஆள்மாறாட்டம்தான், ஆனா மொத்தக் கதையும் ஒரே ஒரு பொய். மீசை இருந்தா ஒருத்தன், இல்லாட்டி அவன் தம்பி. தூங்கி எழுந்து பாத்தாலும் ரஜினி மூஞ்சியப் பாத்தே இப்ப எந்த ஆளுன்னு தெரிஞ்சுடும். நான் தேடறது இந்த மாதிரி படத்தத்தான், நடுவுல விட்டாலும் திரும்ப பிடிச்சுக்கணும்.

எங்க அண்ணிக்கு பித்தப்பை ஆபரேஷன் ஆகி வந்தப்போ யாரோ ஆசையா ஒரு புது வெளிநாட்டுப் படம் போட்டாங்க. சப்டைட்டில் படிக்கணும், கதை முன்னாடி பின்னாடி தாவுது. கொஞ்ச நேரத்துலயே "இவன் யாரு?"ன்னாங்க, சொன்னோம். திரும்பவும் அதே ஆளைக் காட்டி "இவன் யாரு?". அப்புறம் கண்ணு டிவில இல்ல, ஃபேன்ல இருக்கு. நிறுத்தறதுக்கு அதான் நேரம், ஆனா கேட்டா "பரவால்ல ஓடட்டும்"னுதான் சொல்வாங்க, நமக்காக.

மறுநாள் அவங்களுக்கு மனப்பாடமா தெரிஞ்ச படமா போட்டோம், காதலிக்க நேரமில்லை. ஏற்கனவே பாத்த படம்தான் என்னைக் கேட்டா முதல் சாய்ஸ், கதைய ஞாபகம் வெச்சுக்கற வேலையே இல்ல, எங்க வேணா ஆரம்பிக்கலாம் எங்க வேணா நிறுத்தலாம். நாகேஷ் பாலையாவுக்கு பேய்க்கதை சொல்ற சீன் வந்துச்சு, அண்ணி சிரிக்க ஆரம்பிச்சாங்க, உடனே "ஐயோ தையல்"னு வயித்தப் பிடிச்சுக்கிட்டாங்க! வயித்துல ஆபரேஷன் ஆனவங்களுக்கு இருமல் வந்தா தலகாணிய வயித்தோட அணைச்சுப் பிடிக்கச் சொல்வாங்கல்ல, சிரிப்புக்கும் அதே வைத்தியம்தான். அப்பவும் சுரீர்னு வலிச்சா அந்தப் படத்தை ஓரம் கட்டிட்டு, புன்னகையோட நிக்கிற மாதிரி ஏதாவது போடுங்க, விழுந்து விழுந்து சிரிக்கறதுக்கு தையல் ஆறட்டும்.

சவுண்டும் ஒரு பிரச்சனை. பேச்சு கேக்கலைன்னு கூட்டி வெப்போம், அடுத்த நிமிஷம் சண்டையோ பாட்டோ வந்து தூக்கிப் போடும். நிறைய டிவில சவுண்ட் செட்டிங்ஸ்ல நைட் மோடுன்னோ பேச்சை மட்டும் தெளிவா கேக்க வைக்கிற மோடுன்னோ ஒண்ணு இருக்கும், அதைப் போட்டுடுங்க. அடுத்த எபிசோட் தானா ஓடறதையும் ஆஃப் பண்ணிடுங்க, இல்லாட்டி போதும்னு சொல்ல முடியாம பாத்துட்டே இருப்பாங்க.

ரெண்டரை மணி நேரப் படத்தை ஒரே மூச்சுல பாக்கணும்னு ஒண்ணும் சட்டம் இல்ல. இருபது நிமிஷம், அரை மணி நேரம், ஒரு சீன் முடியறப்போ நிறுத்திடுங்க, அதுவும் அவங்க டயர்ட் ஆகறதுக்கு முன்னாடியே. சில வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறம் வர்ற அசதி அன்னைக்கே தெரியாது, மறுநாள்தான் ஆளை அடிச்சுப் போடும், அதனால இன்னைக்கு தெம்பா உக்காந்து பாத்தாங்களேன்னு நாளைக்கு இன்னும் ஜாஸ்தி ஆக்காதீங்க, மறுநாள் எப்படி இருக்காங்கன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

இன்னொண்ணு, போடறதுக்கு முன்னாடி கதைய ஒரு தடவை படிச்சிடுங்க. 1988ல வந்த ஜப்பான் கார்ட்டூன் படம் மை நெய்பர் டோட்டோரோ, ஒன்றரை மணி நேரம்கூட இல்ல, வில்லன் இல்ல, மரம் மழைன்னு மெதுவா போகும், பாத்தா இதுக்குன்னே எடுத்த படம் மாதிரி இருக்கும். ஆனா அதுல அந்தக் குழந்தைங்களோட அம்மா ஆஸ்பத்திரில இருக்காங்க, ஆஸ்பத்திரிலேருந்து தந்தி வந்து பிள்ளைங்க பயப்படற இடமும் உண்டு. நல்லபடியாத்தான் முடியும். சிலருக்கு அது ஆறுதலா இருக்கும், சிலருக்கு இப்பத்தான் அங்கேருந்து வந்தோம் மறுபடியுமான்னு இருக்கும். விஷயத்தச் சொல்லிட்டு அவங்ககிட்டயே கேட்டுடுங்க. வேண்டாம்னா பழைய காமெடி சீன் நாலு போதும், முழுப் படமே தேவையில்ல.