அந்தப் புளியோதரைப் படத்தில் சிரிக்க என்ன இருந்தது?

இரண்டு நாளாக எல்லோரும் பகிர்ந்து சிரிக்கும் அந்த உரையாடலை நானும் பார்த்தேன். பெண் பார்த்துவிட்டுப் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்தப் பெண் மதியச் சாப்பாட்டு டப்பாவைப் படமெடுத்து, "இன்று புளியோதரை. அப்பளத்தை வீட்டிலேயே மறந்துவிட்டேன்" என்று அனுப்பியிருக்கிறாள். பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை அதை ஊருக்கே காட்டி, "இதையெல்லாம் யார் கேட்டது?" என்கிறார்.

யாரும் கேட்கவில்லைதான். கேட்காமலே சொல்வதில்தான் நெருக்கம் தொடங்குகிறது. பொழுதுபோக்கு என்ன என்று கேட்டால் எல்லோரும் புத்தகம், பாட்டு, பயணம் என்பார்கள். அப்பளத்தை மறந்தது அவள் மட்டும்தான். அந்த ஒரு வரியில் அவளுடைய காலை அவசரம் இருக்கிறது, பதிலுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு நுனியும் இருக்கிறது.

எனக்கு 2016இல் நிச்சயம் ஆனபோது அவர் ஓசூரில் இரவுப் பணியில் இருந்தார். முதல் பத்து நாள் "சாப்பிட்டீர்களா?", "சாப்பிட்டேன்" என்பதோடு சரி. ஒருநாள் கேன்டீன் உப்புமாவைப் படமெடுத்து அனுப்பினார். கறிவேப்பிலையெல்லாம் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்திருந்தது. தட்டைப் பிடித்த கட்டைவிரலில் ஒரு பிளாஸ்திரி. "விரலில் என்ன?" என்று கேட்டேன். அன்றுதான் நாங்கள் உண்மையில் பேச ஆரம்பித்தோம். மறுநாள் நான் சுண்ணக்கட்டித் தூள் படிந்த என் கையை அனுப்பினேன்.

வெட்டிப் பேச்சு என்பவர்களுக்கு: செய்தி சொல்ல அல்லாமல் உறவைப் பிணைக்கவே மனிதர்கள் பேசும் பேச்சைப் பற்றி மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923லேயே எழுதிவிட்டார். நம் வீட்டுப் பாட்டிகளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஓயாமல் அனுப்பினால் தொல்லை இல்லையா என்கிறீர்கள். தொல்லைதான். நாளுக்கு ஒன்றிரண்டு போதும். மூன்று நாளாகக் கட்டைவிரல் குறி மட்டுமே பதிலாக வந்து, எதிர்க்கேள்வி ஒன்றுகூட வரவில்லையென்றால் நிறுத்திவிட வேண்டும். பூப்படம் போட்ட காலை வணக்கத்தை இதோடு சேர்க்காதீர்கள். அதில் அனுப்பியவரின் நாள் இல்லை.

பெண்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டாமா என்றும் கேட்கிறார்கள். இருக்கட்டும். வீட்டு வாசல், அடையாள அட்டை, தினமும் ஏறும் பஸ் நிறுத்தம் எதுவும் படத்தில் விழக்கூடாது. ஓர் இடத்தின் படத்தை அங்கிருந்து கிளம்பிய பிறகு அனுப்பலாம். அவள் அனுப்பியது டப்பாவை மட்டும்தானே! அவள் எதில் தவறினாள்? நம்பியதிலா? உரையாடலை ஊர் நடுவில் வைத்தவரிடம் எச்சரிக்கையைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை.

அவள் இனி யாருக்கும் டப்பாவைக் காட்டமாட்டாள். அடுத்து வருகிறவர் நல்லவராகவே இருந்தாலும் "சாப்பிட்டேன்" என்று மட்டும் அனுப்புவாள். "அப்பளம் இல்லாமல் எப்படி இறங்கியது?" என்று அந்த மாப்பிள்ளை ஒரு வரி கேட்டிருக்கலாம்.