பப்பாளிக்குத் தடை, கற்றாழைக்கு வரவேற்பா?

கர்ப்பம் என்று தெரிந்ததும் நம் வீடுகளில் முதலில் தடை விழுவது பப்பாளிக்குத்தான். காரணம் கேட்டால் 'சூடு' என்பார்கள். தடையில் நியாயம் இருக்கிறது, ஆனால் சொல்லும் காரணம்தான் ஆளைக் குழப்புகிறது.

போன மாதம் என் சித்தி மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுக்கு இரண்டாம் மாதம். நன்கு பழுத்த பப்பாளித் துண்டு ஒன்றை எடுத்ததற்கு அத்தனை திட்டு வாங்கினாள். அதே வீட்டில் உடம்புக்குக் குளிர்ச்சி என்று தினமும் காலையில் கற்றாழைச் சாறு குடிக்கக் கொடுக்கிறார்கள்! எனக்குத் தெரிந்து அங்கே ஆபத்து அதிகம் இருந்தது அந்த டம்ளரில்தான்.

பயப்பட வேண்டியது பால். பப்பாளிக் காயைக் கீறினால் வெள்ளையாகக் கசியுமே, அது. 2002இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நம் ஆசிய நாடுகளின் இந்த நம்பிக்கையையே எலிகளை வைத்துச் சோதித்தார்கள். எலியின் கருப்பைத் தசையில் பழச்சாறு பட்டபோது குறிப்பிடும்படி ஒன்றும் ஆகவில்லை. காயின் பால் பட்டதும் தசை இறுகிச் சுருங்கியது. பிரசவ வலி வரவழைக்க ஆஸ்பத்திரியில் போடும் ஆக்ஸிடோசின் செய்வதைப் போன்ற சுருக்கம். சினை எலிகளுக்குப் பழத்தையே உணவாகக் கொடுத்தும் குட்டிகளின் எண்ணிக்கை குறையவில்லை. எலி வேறு, மனுஷி வேறு, உண்மைதான். ஆனாலும் பாட்டிமார் சொன்னதில் எந்தப் பாதி சரி என்பதை இது காட்டுகிறது.

காய் பழுக்கப் பழுக்கப் பால் வற்றிவிடும். சிக்கல் அரைப்பழத்தில். கடையில் தோல் மஞ்சளாக இருக்கும். வெட்டினால் சதை வெளிறிக் கெட்டியாக, விதை வெள்ளையாக இருக்கும். அதை ஒதுக்கிவிடுங்கள். சதை முழுக்கச் சிவந்து குழைந்து, விதை கறுத்திருந்தால்தான் பழம். காயைக் கூட்டு வைத்தால் சூட்டில் பாலின் வீரியம் குறையும், ஆனால் எவ்வளவு குறையும் என்று அடுப்படியில் அளக்க முடியாது. அதனால் முதல் மாதங்களில் கூட்டும் வேண்டாம். கறி மெத்தென்று வேகப் பப்பாளிக்காய் அரைத்துப் போடும் கபாப் கடைகளும் உண்டு, கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

கற்றாழைக்கு வருவோம். மடலை வெட்டினால் தோலுக்கும் சோற்றுக்கும் நடுவிலிருந்து மஞ்சளாக, கடும் கசப்பாக ஒரு பால் வழியும். அதிலுள்ள அலோயின் பெருங்குடலை முறுக்கிப் பேதியாக்கும். அந்த முறுக்கில் அடிவயிறு முழுக்க இழுத்துப் பிடிக்கும், கருப்பையும் தூண்டப்படலாம் என்பதுதான் பயம். அந்தப் பாலைக் காயவைத்தால் கரியபோளம். நின்ற தூரத்தை வரவழைக்க நாட்டு மருந்தில் சேர்ப்பது அதைத்தான். ஆக, நம் வைத்தியத்துக்கு இந்த விஷயம் எப்போதோ தெரியும். 'குளிர்ச்சி' என்ற முத்திரை விழுந்ததால் வீட்டில் மறந்துவிட்டோம். மடலை நிறுத்திவைத்துப் பாலை வடித்து, சோற்றைப் பலமுறை கழுவுவது நல்ல பழக்கம்தான், ஆனால் முழுசாகப் போய்விட்டதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. பாட்டில் சாற்றில் எவ்வளவு மிச்சம் என்பதும் நமக்குத் தெரியாது. முகத்தில் தடவுங்கள், குடிக்க வேண்டாம்.

இப்போது இணையத்தில் பென்னிராயல் எண்ணெய் என்று ஒன்றும் கிடைக்கிறது. ஐரோப்பாவில் வளரும் புதினா இனம். அங்கே பல நூற்றாண்டுகளாகப் பெண்கள் கருவைக் கலைக்க அதை நாடியிருக்கிறார்கள். அதிலுள்ள புலிகோன் கல்லீரலுக்குள் போனதும் கொடிய நஞ்சாக மாறுகிறது. 1978இல் அமெரிக்காவின் கொலராடோவில் 18 வயதுக் கர்ப்பிணி ஒருத்தி அந்த எண்ணெயைக் குடித்து, கல்லீரல் செயலிழந்து ஒரு வாரத்துக்குள் இறந்துபோனாள். கருவை வேண்டாம் என்று நினைப்பவருக்கும் அது வழியே அல்ல. நம் நாட்டில் சட்டப்படி மருத்துவமனையில் பாதுகாப்பான வழி இருக்கிறது. ரசத்தில் போடும் நம் புதினா வேறு செடி, அதைக் கண்டு பயப்படாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோபம் வருவது இதில்தான். தெரியவந்த கர்ப்பங்களில் 100க்கு 10 முதல் 20 வரை தானாகவே கலைகின்றன. ஆரம்பத்தில் கலைபவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறு. அதைத் தெரிந்துகொள்ளாமல், 'அன்னிக்குப் பப்பாளி தின்னாளே' என்று ஆயுசுக்கும் சொல்லிக்காட்டும் குடும்பங்கள் எத்தனை!

தெரியாமல் ஓரிரு துண்டு சாப்பிட்டிருந்தால் பதற வேண்டாம். அடிவயிற்றில் விட்டுவிட்டு வலியோ, ரத்தக்கசிவோ, நிற்காத பேதியோ இருந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். சாறோ சூரணமோ எண்ணெயோ எடுத்திருந்தால் அந்தப் பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள். 'மூலிகைதானே' என்று மறைக்காதீர்கள்.